பாதிக் கதை: ஒரு பக்கம் எழுதிய நாட்கள்

ஜூன் 3

குழந்தைகளுக்கான அனிமேஷன் தொடர் ஒன்றின் யோசனையைத் தயாரிப்பாளரிடம் முன்வைக்கப் போகிறேன். கேட்டிருப்பது ஒரே ஒரு பக்கம். தொடரின் பெயர், அதன் கருவை ஓரிரு வரியில் சொல்லும் லாக்லைன், எந்த வயதுக் குழந்தைகளுக்கு, எத்தனை எபிசோட், ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், எந்த வகை ஓவியம், என்ன தொனி, சில கதைக் கருக்கள் என அனைத்தும் அதற்குள் இருக்க வேண்டும். எழுத்துருவைச் சிறிதாக்கி, ஓரங்களைக் குறுக்கி அடைக்கப்போவதில்லை. வாசிப்பவர் நின்றபடியே படித்து முடிக்கும் அளவில் பக்கம் இருக்க வேண்டும்.

"ஒரு பாட்டி தன் பேத்திக்கு ஒவ்வோர் இரவும் ஒரு கதை சொல்கிறார்" என்பதை லாக்லைனாக வைக்கலாமா என்று மாலை முழுவதும் யோசித்தேன். அந்த வாக்கியத்தில் பாட்டியும் கதையும் இருக்கின்றன. ஆனால் இரண்டாவது எபிசோட் ஏன் வேண்டும் என்பதற்கான காரணம் இல்லை. ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒன்றை நிகழவைக்கும் விசை எது என்பதை முதல் இரண்டு வரிகளிலேயே காட்டாத பக்கம், அன்பான ஒரு பாட்டியைப் பற்றிய அஞ்சலிக் குறிப்பாகத்தான் முடியும்.

சிறுவயதில் எங்கள் பாட்டி சொன்ன நாரைக் கதையின் முடிவு என்ன என்று அவரிடம் கேட்க வேண்டும்.

ஜூன் 4

விசை கிடைத்துவிட்டது. அது எங்கள் வீட்டிலேயே எப்போதும் இருந்தது. பாட்டி கதையைப் பாதியில் விட்டு உறங்கிவிடுவார்; மீதியை நாங்கள்தான் கட்ட வேண்டும். தொடரிலும் பாட்டி பாதிக் கதை சொல்வார். கதை மிகவும் சிக்கலான இடத்தில் நிற்கும்போது அவர் கண் அயர்ந்துவிடுவார். விழித்திருக்கும் பேத்தி, தன்னுடைய அன்றைய கவலையை வைத்து மீதிக் கதையை முடிப்பாள். முதல் பாதி பழைய கதை, இரண்டாம் பாதி அந்தக் குழந்தையின் பகல்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. இந்த இரண்டு வரிகளை மட்டும் தம்பியிடம் சொல்லி, வேறு எதையும் விளக்காமல், புதிதாக ஓர் எபிசோட் சொல்லும்படி கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "அவளுக்கு அன்றைக்குப் பல் ஆடுகிறது அண்ணா, பாட்டி முதலைக் கதையைத் தொடங்குகிறார்" என்றான். பிறர் வாயிலிருந்து எபிசோட் வருமானால் அந்த லாக்லைன் உயிரோடு இருக்கிறது என்று நம்பலாம். முதலையை அவனிடமே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 5

பாட்டி இன்று அதிகம் பேசவில்லை.

ஜூன் 7

வடிவம் பற்றிய வரி மிகச் சிறியது. ஆனால் தயாரிப்பாளர் முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்பது அதைத்தான். 11 நிமிட எபிசோடுகளுக்குப் பழகிய வழி இருக்கிறது: விளம்பரத்துக்கு இடம் விட்ட அரைமணி நேரத்தில் இரண்டு எபிசோடுகள் அடங்கிவிடும். இருந்தாலும் உறங்கும் முன் பார்க்கும் தொடருக்கு 7 நிமிடமே போதும் என்று நினைக்கிறேன். "இன்னும் ஒன்று" என்று குழந்தை அடம்பிடித்து இரண்டாவதைப் பார்த்தாலும் கால்மணி நேரத்துக்குள் விளக்கை அணைத்துவிடலாம். ஆகவே 26 எபிசோடுகள், ஒவ்வொன்றும் 7 நிமிடம், 4 முதல் 7 வயது வரை.

ஏழு நிமிடம் என்பது 420 விநாடி. விநாடிக்கு 24 பிரேம் ஓடும்போது, ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தி வரைந்தாலும் 5,040 படங்கள் வேண்டும். அத்தனையையும் கையால் வரைவது சிறிய குழுவுக்கு ஆகாது. அதனால் உடலையும் கைகால்களையும் தனித்தனித் துண்டுகளாக வரைந்து வைத்துக்கொண்டு அசைக்கும் கட்-அவுட் முறையை எழுதினேன். படுக்கையறை ஒவ்வொரு எபிசோடிலும் மாறாது: தொடக்கத்தில் 90 விநாடி, முடிவில் 60 விநாடி, அதே கட்டில், அதே சன்னல், அதே போர்வை. அந்த 150 விநாடிகளின் பின்னணிகளும் பெரும்பாலான அசைவுகளும் 26 முறை பயன்படும். மீதமுள்ள நான்கரை நிமிடத்துக்குத்தான் ஒவ்வொரு முறையும் புது உலகம் வரைய வேண்டும். பாட்டி உறங்கும் அந்த ஒரு படுக்கையறை கதையையும் செலவையும் ஒருசேரத் தாங்குவதில் எனக்கு ஆழ்ந்த மகிழ்ச்சி.

ஜூன் 8

தொனிப் பத்தி. "இதமான, கலகலப்பான, மாயம் நிறைந்த" என்று எழுதிப் பார்த்து மூன்று சொற்களையும் அடித்துவிட்டேன். எந்தக் குழந்தைத் தொடரின் பக்கத்திலும் அவை பொருந்தும். எதையும் எப்படி வரைய வேண்டும், எப்படி வெட்ட வேண்டும் என்று அவை சொல்வதில்லை. தொனியை வாசிப்பவர் கண்ணுக்கும் காதுக்கும் தெரியும் செய்திகளாகத்தான் எழுத வேண்டும்.

வழக்கமான எபிசோடில் பரபரப்பு ஏறிக்கொண்டே போய் முடிவுக்குச் சற்று முன்னால் உச்சம் தொடும். இந்தத் தொடர் அப்படிப் போனால் குழந்தை கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிடும். ஆகவே மிகச் சத்தமான, மிக வேகமான தருணம் மூன்றாவது நிமிடத்திலேயே வந்துவிட வேண்டும். அங்கேதான் பாட்டியும் உறங்குகிறார். அதன் பிறகு ஷாட்டுகள் நீண்டுகொண்டே போகும். நிறங்கள் கருநீலத்தை நோக்கி இறங்கும். இசைக்கருவிகள் ஒவ்வொன்றாக விலகும். இருட்டறையில் பளிச்சென்று வெண்மை நிறைந்த பிரேம் எங்கும் வராது. பாட்டியின் பாதி வழவழப்பான கோடுகளில் இருக்கும்; பேத்தியின் பாதியில் கோடுகள் மெழுகுக் குச்சியில் கிறுக்கியதுபோல மாறும். கதை கைமாறியதை வசனம் இல்லாமலே குழந்தை புரிந்துகொள்ளும்.

பயம் வரலாம், ஆனால் அன்றிரவே தீர்ந்துவிட வேண்டும். "அடுத்த வாரம் தொடரும்" என்பது இந்தத் தொடரில் கிடையாது என்பதை ஒரு முழு வாக்கியமாகப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதை நீக்கச் சொன்னால் மறுத்துப் பேசுவேன்.

ஜூன் 9

நாரை.

ஜூன் 11

கதைக் கருக்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரிதான் இடம். அந்த மூன்று வரிக்குள் பேத்தியின் பகல், பாட்டி நிறுத்தும் இடம், பேத்தி கண்டுபிடிக்கும் முடிவு ஆகிய மூன்றும் இருந்தாக வேண்டும். முடிவை மறைத்து "என்ன ஆகிறது என்று பாருங்கள்" என எழுதுவது பார்வையாளருக்கான விளம்பரத்தில் செல்லும். தேர்வு செய்பவருக்கு நாம் கதையை முடிக்கத் தெரிந்தவரா என்பதுதான் தெரிய வேண்டும். எல்லாக் கருவும் ஒரு நீதியில் முடிந்தாலும் பக்கம் தளர்ந்துவிடும். பேத்தி நீதி சொல்லமாட்டாள், வழி கண்டுபிடிப்பாள்.

இடியின் கதை நன்றாக அமைந்துவிட்டது. அன்று மாலை இடி இடித்தபோது பேத்தி கட்டிலுக்கு அடியில் ஒளிந்தாள். பாட்டியின் கதையில், தன் குரலுக்குத் தானே அஞ்சிய இடி ஒரு குகைக்குள் புகுந்துகொள்கிறது, இடி முழங்காமல் மேகங்கள் நகர மறுக்கின்றன, பாட்டி உறங்கிவிடுகிறார். பேத்தி குகைக்குள் போய், முதலில் கிசுகிசுக்கவும் பிறகு முணுமுணுக்கவும் இடிக்குக் கற்றுத் தருகிறாள். தொலைவில் மெல்ல உறுமும் இடியோடு மழை தொடங்குகிறது. கதை சத்தத்திலிருந்து அமைதிக்கு இறங்குவதால் தொனிப் பத்தியில் சொன்னதை இந்த எபிசோடே காட்டிவிடுகிறது. இதுவே முதல் கருவாக இருக்கட்டும்.

நாரைக் கதைதான் நிற்கவில்லை. நாரையும் ஆமையும் நண்பர்கள். பருவம் மாறியதும் நாரை தொலைதூர ஏரிக்குப் பறந்துபோகிறது. பிரிவைத் தாங்காத ஆமை பின்னாலேயே நடக்கிறது. ஆமை அந்த ஏரியை அடையும் நாளில் நாரை ஊருக்குத் திரும்பிப் புறப்பட்டிருக்கிறது. பாட்டி எப்போதும் நிறுத்துவது இங்கேதான். நாங்கள் சிறுவயதில் கட்டிய முடிவு ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை. நாரை ஆமையைத் தூக்கிக்கொண்டு பறந்தது என்றால் ஆமை நடந்த அத்தனை தூரமும் வீணாகிவிடும். ஆமை அங்கேயே காத்திருந்தது என்றால் அது பெரியவர்களின் பொறுமை. ஐந்து வயதுக் குழந்தைக்கு அது முடிவாகவே தோன்றாது.

ஜூன் 12

இன்று பாட்டி தெளிவாக இருந்தார். எந்தக் கதை யாருடையது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். வழிவழியாக வாய்மொழியில் வரும் கதையை யாரும் தம் முறையில் எடுத்துச் சொல்லலாம். அதே கதையை ஒருவர் எழுதிப் பதிப்பித்த நடையையும் அவர் சேர்த்த திருப்பங்களையும் அனுமதியின்றி எடுக்கக் கூடாது. பாட்டி தானே கட்டிய கதையானால் அது பாட்டியின் படைப்பு. குடும்பத்துக்குள் என்றாலும் அவருடைய எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வேண்டும். இல்லாவிட்டால் பக்கம் பிடித்துப்போன பிறகு ஒப்பந்தம் அங்கேயே நின்றுவிடும்.

"நாரைக் கதை யார் சொன்னது பாட்டி?"

"அது நான் கட்டினதுப்பா."

"முடிவு?"

"முடிவு உங்களோடது இல்லையா? நான் எங்கே கேட்டேன், தூங்கிப்போயிடுவேனே."

தாளை எடுத்து வந்து படித்துக் காட்டினேன். கையெழுத்திட்டார். கை நடுங்கியது, ஆனாலும் முழுப் பெயரையும் எழுதினார்.

ஜூன் 14

தம்பி மகளுக்கு ஐந்து வயது. இந்தத் தொடரின் வயது. எழுதியதைக் கையில் வைத்துக்கொள்ளாமல் நாரைக் கதையை அவளுக்குச் சொன்னேன். ஆமை ஏரியை அடைந்ததும் நிறுத்திவிட்டு, பேசாமல் இருந்தேன்.

"திரும்பி நடக்கட்டும் பெரியப்பா."

"அது ஊர் போய்ச் சேர்வதற்குள் நாரை மறுபடியும் கிளம்பிவிடுமே."

"அப்போ பாதி வழியிலேயே வீடு கட்டிக்கட்டும். நாரை போகும்போது ஒரு தடவை பாக்கலாம், வரும்போது ஒரு தடவை பாக்கலாம்."

நான் இத்தனை நாள் ஊரையும் ஏரியையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இடையிலிருந்த வழியைப் பார்த்திருக்கிறாள். அவள் பெற்றோர் வெவ்வேறு வேளைகளில் வேலைக்குப் போகிறவர்கள் என்பது அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. எபிசோடில் பேத்தியின் பகலும் அதுவாகவே இருக்கட்டும்.

ஜூன் 15

பக்கத்தின் மேல்பகுதியை இங்கே படியெடுத்து வைக்கிறேன்.

பாதிக் கதை. 4 முதல் 7 வயதினருக்கான கட்-அவுட் அனிமேஷன் தொடர். 26 எபிசோடுகள், ஒவ்வொன்றும் 7 நிமிடம். ஒவ்வொன்றும் தனிக் கதை.

ஒவ்வோர் இரவும் பாட்டி கதையின் மிகச் சிக்கலான இடத்தில் உறங்கிவிடுகிறார். விழித்திருக்கும் பேத்தி, அன்று தன்னைத் துன்புறுத்திய ஒன்றைக் கொண்டே கதைக்கு வழி கண்டுபிடித்து, பிறகு தானும் உறங்குகிறாள்.

கதைக் கருக்களின் வரிசை: இடி, முதலை, கிணற்றில் விழுந்த நிலவு, நாரை. நிலவுக் கதையில் கரடி விடும் கயிறு எட்டாமல் போகிறது. தன் விளக்கைத் தங்கையோடு பகிர மறுத்திருந்த பேத்தி, ஆளுக்கொரு குடத்தில் தண்ணீர் மொள்ளச் சொல்கிறாள். எல்லோர் குடத்திலும் நிலவு இருக்கிறது. முதலைக்கு இன்னும் ஒரு வரி அதிகமாக இருக்கிறது. பல்லிடுக்கைக் கொத்தித் தின்ற பறவை, கடைசிப் பல்லும் விழுந்த வாயிலேயே கூடு கட்டுகிறது என்பது போதும். முதலையின் பிறந்தநாளை எடுத்துவிட வேண்டும்.

ஜூன் 16

"முற்றிலும் புதுமையான", "இதுவரை யாரும் செய்யாத" என்பவற்றை நீக்கினேன். என்னைப் பற்றிய பத்தி இரண்டு வரியாகிவிட்டது. நீக்கிய இடத்தில், நாரைக் கதை பாட்டியின் சொந்தப் படைப்பு என்றும் அவருடைய எழுத்து ஒப்புதல் கையில் இருக்கிறது என்றும் சேர்த்தேன். பாட்டியின் பெயர் என் பெயருக்கு மேலே வருகிறது.

தம்பியிடம் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். தொனிப் பத்தியின் நடுவில் அவன் மூச்சு வாங்க நின்ற இடத்தில் வாக்கியத்தை இரண்டாக உடைத்தேன். நாரையில் அவன் நிற்கவில்லை.

பிடிஎஃப் ஆக்கியதும் கடைசி வரி இரண்டாம் பக்கத்துக்கு வழிந்துவிட்டது. முதலையிலிருந்து இன்னும் ஆறு சொற்களை எடுக்க வேண்டும்.