பாலூட்டும் தாயின் உணவுக் குறிப்பு எடையோடு ஒத்துப்போகிறதா?

பாலூட்டும் தாய் நேற்று என்னென்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுதி முடித்ததும், அந்தக் குறிப்பு அவருடைய எடையோடு ஒத்துப்போகிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். ஒத்துப்போகாத குறிப்பை நம்பி "போதுமான அளவு சாப்பிடவில்லை" என்று முடிவுகட்டினால் ஆலோசனை முழுவதும் தடம் மாறிவிடும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். தாய்க்கு வயது 28, உயரம் 158 செ.மீ., எடை 58 கிலோ. குழந்தைக்குப் பத்து வாரம், தாய்ப்பால் மட்டுமே. ஆறாம் வாரத்தில் தாயின் எடை 59 கிலோ. பிரசவத்துக்குப் பின் முதல் சில வாரங்களில் உடலில் தேங்கிய நீர் வெளியேறி எடை வேகமாக இறங்கும் என்பதால், அந்த எடைகளை இதில் சேர்ப்பதில்லை.

18 முதல் 30 வயதுப் பெண்களுக்கான ஸ்கோஃபீல்டு சூத்திரப்படி, எடையை 14.8 ஆல் பெருக்கி 487 கூட்டினால் ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றல் கிடைக்கும். இவருக்கு 1,345 கிலோகலோரி. மிதமான வீட்டுவேலைக்கு 1.6 ஆல் பெருக்கினால் சுமார் 2,150. அடுத்து பால். முதல் ஆறு மாதத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 800 கிராம் சுரக்கிறது; கிராமுக்கு 0.67 கிலோகலோரி. உணவிலிருந்து பாலாக மாறும்போது ஐந்தில் ஒரு பங்கு வீணாவதால் செலவு 675 வரை போகும். ஆக, மொத்தச் செலவு 2,825.

நன்றாக ஊட்டம் பெற்ற தாய்க்கு இதில் சுமார் 170 கிலோகலோரி கர்ப்பகாலத்தில் சேர்ந்த கொழுப்பிலிருந்து வந்துவிடும். உணவில் கூடுதலாக 505 போதும். மெலிந்தவருக்கும் கர்ப்பத்தில் எடை கூடாதவருக்கும் அந்தச் சேமிப்பு கிடையாது. அவர்களுக்கு 675 முழுவதையும் உணவிலேயே சேர்க்க வேண்டும்.

இப்போது, முதல் முறை கேட்டபோது கிடைத்த குறிப்பு 1,500 கிலோகலோரி என்று வைத்துக்கொள்வோம். அது உண்மையானால் தினமும் 1,325 பற்றாக்குறை. ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் 6,500 என்று கொண்டால், நான்கு வாரத்தில் ஐந்தரை கிலோவுக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். குறைந்ததோ ஒரே கிலோ, அதாவது தினம் 230 அளவு. அப்படியென்றால் அவர் உண்பது 2,600 அளவில் இருக்கும். உடலுழைப்பை 1.4 என்று குறைத்துப் போட்டாலும் 2,300க்குக் கீழே இறங்காது. விடுபட்டது தாயின் உணவல்ல, நம் குறிப்பு.

எங்கே விடுபடும்? பெரும்பாலும் இரவில். "நேற்று என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால் வேளைச் சாப்பாடுதான் பதிலாக வரும். அதனால் குழந்தை பால் குடித்த ஒவ்வொரு நேரத்தையும் வரிசையாக எழுதி, "அப்போ கையில் என்ன இருந்தது, குடிக்க எடுத்தீங்களா?" என்று கேட்கிறோம். இனிப்புப் பானம், பால், கொறித்த கொட்டைகள், மூத்த பிள்ளை தட்டில் மிச்சம் வைத்தது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். ஒரு நாள் குறிப்பும் போதாது. விடுமுறை நாள் ஒன்றாவது அடங்கும்படி இரண்டு மூன்று நாள் எடுக்க வேண்டும்.

நீர் அளவை அவருடைய சொந்தக் குவளையிலேயே அளக்க வேண்டும். "எட்டு டம்ளர்" என்பது ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அளவு. பாலில் போகும் நீரை ஈடுகட்ட, பானத்திலும் உணவிலுமாக நாளுக்குச் சுமார் 700 மி.லி. கூடுதலாகப் போதும். தாகத்துக்கு மேல் வற்புறுத்திக் குடித்தால் பால் அதிகமாகாது. சிறுநீர் அடர்மஞ்சளாக இருப்பதை மட்டும் வைத்து நீர் போதவில்லை என்று சொல்லிவிடக் கூடாது. பல்வைட்டமின் மாத்திரையில் உள்ள ரிபோஃபிளேவின் அந்த நிறத்தைத் தரும்.

நுண்சத்துகளில் எங்கள் கவனம் முதலில் அயோடின், பி12 மீது. தாய் குறைவாக எடுத்தால் பாலிலும் குறையும், பாதிக்கப்படுவது குழந்தை. இரும்பும் கால்சியமும் அப்படியல்ல. பாலில் அவற்றின் அளவு பெரிதாக மாறாது, குறைவைத் தாயின் உடல்தான் தாங்கும். விலங்குணவே எடுக்காத தாயிடம் பி12 மாத்திரை பற்றிக் கேட்காமல் குறிப்பை மூடக் கூடாது.

மாத்திரைகளைப் பெயர் கேட்டு எழுதாமல் டப்பாவையே கொண்டுவரச் சொல்லுங்கள். இரும்பு மாத்திரையில் 300 மி.கி. ஃபெரஸ் சல்ஃபேட் என்றிருந்தால் அதில் உள்ள இரும்பு சுமார் 60 மி.கி. மட்டுமே. பல்வைட்டமின் என்று எழுதியிருந்தாலும் சிலவற்றில் அயோடின் இருக்காது. "தினமும் போடுறீங்களா?" என்பதற்குப் பதிலாக "கடந்த ஏழு நாளில் எத்தனை நாள்?" என்று கேளுங்கள். 150 மைக்ரோகிராம் அயோடின் மாத்திரையை மூன்று நாள் போட்டிருந்தால் நாளுக்குச் சராசரி 64தான். உலக சுகாதார நிறுவனம் பாலூட்டுவோருக்குப் பரிந்துரைக்கும் மொத்த அளவு 250. மீதி அயோடின் உப்பிலிருந்தும் உணவிலிருந்தும் வருகிறதா என்று உப்புப் பொட்டலத்தைப் பார்த்தே எழுத வேண்டும். கடற்பாசி மாத்திரை என்றால் நேர்மாறான கவலை: அயோடின் அளவுக்கு மீறினால் குழந்தையின் தைராய்டு பாதிக்கப்படலாம்.

எந்த நேரத்தில், எதோடு சேர்த்துப் போடுகிறார் என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் இரும்பு குறைவாகவே உறிஞ்சப்படும். மலச்சிக்கலால் இரும்பை நிறுத்திவிட்டிருந்தால், நிறுத்திய தேதியையும் காரணத்தையும் அதே கட்டத்தில் எழுதிவிடுவோம். மருத்துவர் வேறு அளவைத் தீர்மானிக்க அந்த ஒரு வரி தேவைப்படும்.