கேட் ரிஜிஸ்டரில் கிடைத்த பதில்

கப்பலூர் சிட்கோவில் ஒரு ரப்பர் உதிரிபாகக் கம்பெனியில் டெஸ்பாட்ச் சூப்பர்வைசராக இருந்தபோது வேலை மாற முடிவு செய்தேன். என் மதினி இளந்தைக்குளத்தில் ஒரு கம்பெனியில் ஹெச்ஆர். விஷயத்தைச் சொன்னதும் அவர் முதலில் கேட்டது ரெஸ்யூமே இல்லை. "நீங்க செஞ்ச வேலையில இன்டர்வியூவுல சொல்லிக்கிற மாதிரி உள்ளதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதுங்க தம்பி, நம்பரோட. இப்பவே எழுதுங்க. ராஜினாமா கொடுத்து வெளிய வந்துட்டா அந்த நம்பர் எங்க கிடைக்கும்?" என்றார்.

அந்த நோட்டில் எழுதியவற்றில் ஒன்றை மட்டும் இங்கே முழுதாகச் சொல்கிறேன். மற்றவற்றையும் இதே மாதிரிதான் எழுதினேன்.

எங்கள் கம்பெனிக்கு வரும் லாரிகள் லோடுக்காகக் காத்துக் கிடக்கும். டிரைவர்கள் சத்தம் போடுவார்கள், டிரான்ஸ்போர்ட்காரர் வண்டி காத்து நின்றதற்கு ஹால்டிங் பில் அனுப்புவார். மே மாதத்தில் இருந்து முறையை மாற்றினோம். மறுநாள் போகவேண்டிய பெட்டிகளை முதல் நாள் மாலையே வண்டிவாரியாக எடுத்து, தரையில் சாக்பீஸால் எண் போட்டு அடுக்கி வைத்துவிடுவோம். வண்டி வந்ததும் ஏற்றவேண்டியதுதான். இதை நான் முதலில் நோட்டில் எழுதியபோது, "லோடிங் நேரம் வெகுவாகக் குறைந்தது" என்று இருந்தது. மதினி அதைப் படித்துவிட்டு, "எவ்வளவு குறைஞ்சது? அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

பதில் கேட்டில் இருந்தது. செக்யூரிட்டி அண்ணன் ஒவ்வொரு வண்டிக்கும் உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் இரண்டையும் ரிஜிஸ்டரில் எழுதுவார். கழித்துப் பார்த்தால் வண்டி எவ்வளவு நேரம் நின்றது என்று தெரிந்துவிடும். யாரும் நமக்காக அளந்து வைக்கவில்லை என்று நினைக்கிற இடத்திலும் இப்படி ஒரு புத்தகம் இருக்கும்: ஸ்டோரில் சரக்கு வந்ததைப் பதியும் ஜிஆர்என், மெயின்டனன்ஸில் பிரேக்டவுன் புத்தகம், ஆஸ்பத்திரி என்றால் டோக்கன் சீட்டு.

எந்த மாதத்தை எந்த மாதத்தோடு ஒப்பிடுவது என்பதுதான் யோசிக்க வைத்தது. மாற்றத்துக்கு முந்தைய மாதம் ஏப்ரல். அதை எடுத்தால் எனக்குத்தான் லாபம், ஏனென்றால் அது சித்திரைத் திருவிழா சமயம். அழகர் ஆற்றில் இறங்கும் வாரத்தில் லோடுமேன்கள் பாதிப்பேர் வரமாட்டார்கள், வண்டிகள் வழக்கத்தைவிட அதிகமாக நிற்கும். மார்ச்சில் வருடக் கடைசி நெருக்கடி. அதனால் பிப்ரவரியை எடுத்தேன். மாற்றத்துக்குப் பிறகு, எல்லோருக்கும் பழகிவிட்ட ஜூலையை எடுத்தேன். நல்ல நாளாகப் பார்த்துப் பொறுக்கிவிடக் கூடாது என்பதற்காக ரிஜிஸ்டரில் ஆறு வண்டிக்கு ஒன்று என்று வரிசையாகக் குறித்தேன்.

பிப்ரவரியில் அப்படி வந்த 20 வண்டிகளின் சராசரி 280 நிமிடம். ஆனால் அதில் ஒரு வண்டி பிரேக் பழுதாகி 14 மணி நேரம் எங்கள் வளாகத்திலேயே நின்றிருக்கிறது. அந்த ஒரு வண்டி மட்டுமே சராசரியை அரை மணி நேரம் ஏற்றிவிட்டது. அதை நீக்கினால் 250 நிமிடம். ஜூலையில் சராசரி 150. ஆக 100 நிமிடம், அதாவது 40 சதவீதம் குறைந்திருக்கிறது. 280 என்று வைத்திருந்தால் 46 சதவீதம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எதிரில் இருப்பவர் "அந்த 280 எப்படி வந்தது?" என்று கேட்டால் கதை அங்கேயே சரிந்துவிடும். சிறிய எண்ணாக இருந்தாலும் நாலு கேள்வி தாங்குகிற எண்தான் வேண்டும்.

ஹால்டிங் பில்லிலும் இதே கவனம் தேவைப்பட்டது. கம்பெனியின் ரூபாய்க் கணக்கை வெளியே சொல்லக் கூடாது என்பதால் இங்கே வேறு எண் தருகிறேன். பிப்ரவரியில் 120 வண்டிக்கு 18,000 ரூபாய், ஜூலையில் 90 வண்டிக்கு 5,400 என்று வையுங்கள். நேராகப் பார்த்தால் 70 சதவீதம் குறைவு. ஆனால் ஜூலையில் வண்டியே குறைவு. ஒரு வண்டிக்கு எவ்வளவு என்று பார்த்தால் 150 ரூபாய் 60 ஆகியிருக்கிறது, 60 சதவீதம். நோட்டில் ஏறியது இந்த 60தான். ரிஜிஸ்டரைப் போட்டோ எடுக்கவில்லை, பில்லை நகல் எடுக்கவில்லை. நிமிடக் கணக்கும் சதவீதமும் மட்டும் என்னோடு வந்தன.

அடுத்து மதினி கேட்டது: "இதுல நீங்க என்ன செஞ்சீங்க?" முதல் நாளே அடுக்கி வைக்கும் யோசனை எங்கள் லோடிங் மேஸ்திரியுடையது. அதை அப்படியே எழுதினேன். என் பங்கு வேறு. மறுநாள் போகிற இன்வாய்ஸ் பட்டியல் சேல்ஸில் இருந்து இரவு எட்டு மணிக்குத்தான் வரும், அதற்குள் லோடுமேன்கள் திருமங்கலம் பஸ் ஏறியிருப்பார்கள். அது மாலை ஐந்துக்கு வந்தாகவேண்டும். சேல்ஸ்காரர், "கஸ்டமர் கடைசி நிமிஷத்துல மாத்துவாங்க, முடியாது" என்றார். ஒரு வாரம் எந்தெந்த ஆர்டர் ஐந்துக்குப் பிறகு மாறுகிறது என்று குறித்து அவரிடம் காட்டினேன். மாறியவை பெரும்பாலும் இரண்டே கஸ்டமர்கள். அவர்களுடைய ஆர்டரை மட்டும் காலையில் வைத்துக்கொள்ளலாம் என்றதும் ஒத்துக்கொண்டார். இந்தப் பகுதியை எழுதிய பிறகுதான், ஒரே கதை மூன்று கேள்விக்குப் போகும் என்று புரிந்தது: என்ன முன்னேற்றம் கொண்டுவந்தீர்கள், சக ஊழியரோடு கருத்து வேறுபாடு வந்தால் என்ன செய்வீர்கள், அதிகாரம் இல்லாத இடத்தில் எப்படி வேலை வாங்குவீர்கள். பக்கத்தின் ஓரத்தில் மூன்றையும் குறித்து வைத்தேன். கேள்விக்கு ஏற்றபடி எந்தப் பகுதியில் கூட நேரம் நிற்பது என்பது மட்டும்தான் மாறும்.

எல்லாவற்றுக்கும் சதவீதம் வராது. புதுப் பையன்களுக்கு ஃபோர்க்லிஃப்ட் பக்கத்தில் எப்படி நிற்பது என்று பழக்கியதற்கு எத்தனை பேர், எத்தனை நாளில் தனியாக விட முடிந்தது என்பதே போதும்.

வாக்கியங்களை மனப்பாடம் செய்யவேண்டாம் என்று மதினி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். 250, 150, 60 சதவீதம், இந்த மூன்றும்தான் மனதில். மிச்சத்தை ஒவ்வொரு முறையும் வேறு வார்த்தையில் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். நடுவில் அவர் குறுக்கே கேள்வி போடுவார். பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்தில் இருந்து தொடர முடிந்தால் கதை கைக்கு வந்துவிட்டது. முதல் வரிக்கே திரும்பப் போனால் இன்னும் ஒப்பிக்கிறேன் என்று அர்த்தம்.

இன்டர்வியூவில் பிளான்ட் மேனேஜர் நான் எதிர்பார்த்த இடத்திலேயே கைவைத்தார். "ஜூலையில லோடு கம்மியா இருந்திருக்கும், அதனால குறைஞ்சிருக்கும்ல?" என்றார். "ஆமா சார், வண்டி கால்வாசி குறைவு. அதனாலதான் மொத்தத்தை விட்டுட்டு ஒரு வண்டிக்கு எவ்வளவுன்னு எடுத்தேன். நின்ன நேரம் குறைஞ்சதுல கொஞ்சம் கூட்டம் இல்லாததாலயும் இருக்கலாம்" என்றேன். அவர் அடுத்ததாகக் கேட்டது சேல்ஸ்காரரைப் பற்றி. பிறகு பேச்சு அவர்களுடைய லோடிங் பே எத்தனை, வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று போய்விட்டது.

இப்போது அங்கேதான் வேலை. சேர்ந்த வாரமே, எதையும் மாற்றுவதற்கு முன்னால், வண்டிகள் நிற்கும் நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டேன்.