தணிக்கையாளருக்கு முகப்புக் கடிதம்: செய்முறைத் தாளில் நான் எழுதிய விதம்

கணக்குப் பிரிவுப் பதவி உயர்வுத் தேர்வின் முடிவு நேற்று வந்தது. தேறிவிட்டேன். செய்முறைத் தாளில் பலரையும் திணறடித்த கேள்வி, தணிக்கையாளர் கேட்ட ஆவணப் பட்டியலுக்கு முகப்புக் கடிதம் வரைவது. அடுத்த முறை எழுதுகிறவர்களுக்காக, நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

பட்டியலும் ஆவணங்களும் கையில் கொடுக்கப்படும். நிறுவனம் ஒரு தனியார் நூற்பாலை, நிதியாண்டு 31.3.2025 அன்று முடிந்தது. கொடுத்ததையெல்லாம் வரிசையாக எழுதினால் கடிதம் முடிந்துவிடும் என்று தோன்றும். ஆனால் தணிக்கையாளர் அதில் முதலில் தேடுவது கொடுக்காததைத்தான். கொடுத்தது அவர் மேசையிலேயே இருக்கிறது. எது வரவில்லை, ஏன் வரவில்லை, என்று வரும் என்பதைக் கடிதம் மட்டுமே சொல்லும். என் நேரத்தில் பெரும்பகுதியை இதற்கே செலவிட்டேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

எண் வரிசை அவருடையதாகவே இருக்கட்டும். அவர் 7 என்று கேட்டதற்கு நம் கோப்பும் 7.1, 7.2 என்றே போக வேண்டும். ஒவ்வொரு எண்ணுக்கு எதிரிலும் நான்கில் ஒரு நிலையை எழுதினேன்: கொடுக்கப்பட்டது, பகுதியாகக் கொடுக்கப்பட்டது, பின்னர் வரும், பொருந்தாது. கடைசி மூன்றுக்கும் காரணம் எழுதாமல் விடக் கூடாது.

இனி, தாளில் பொறி வைத்திருந்த இடங்கள்.

கடனாளிகளின் வயதுவாரிப் பட்டியல். அதன் கூட்டுத்தொகை 2,18,40,000 ரூபாய். இருப்பாய்வில் கடனாளிகள் 2,21,15,000. பட்டியலை அப்படியே இணைத்து “கொடுக்கப்பட்டது” என்று எழுதினால், வேறுபாட்டைத் தணிக்கையாளர் கண்டுபிடித்துக் கேட்பார். வித்தியாசம் 2,75,000. சில வாடிக்கையாளர்கள் தந்த முன்பணம் வயதுவாரிப் பட்டியலில் கழிக்கப்பட்டிருந்தது. இருப்பாய்விலோ அது தனித் தலைப்பில் இருந்தது. இதைக் குறிப்புப் பத்தியில் ஒரே வரியில் எழுதினேன். எந்தத் தேதியில் எடுத்த இருப்பாய்வு என்பதையும் கடிதத்தின் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள். அதன்பின் ஒரு பதிவு போட்டாலும் தொகைகள் மாறிவிடும்.

வங்கி உறுதிக் கடிதம். கோப்பில் வங்கி முத்திரையுடன் ஒரு கடிதம் இருந்தது. அதை இணைத்து “கொடுக்கப்பட்டது” என்று எழுதத்தான் கை போகும். ஆனால் தணிக்கைத் தரம் 505-இன்படி, உறுதிப்படுத்தும் பதில் வங்கியிடமிருந்து நேராகத் தணிக்கையாளருக்கே போக வேண்டும். நம் கை வழியாகப் போனால் அதன் நம்பகத்தன்மை குறையும். எனவே நிலை “பின்னர் வரும்”. காரணம்: “கோரிக்கையில் நிறுவனம் கையொப்பமிட்டுத் தந்துள்ளது, பதில் தங்களுக்கு நேரடியாக வரும்.” கையில் இருந்த நகலைத் தகவலுக்காக மட்டும் என்று குறித்தேன்.

நிலப் பத்திரங்கள். மூலம் வங்கியில் அடமானத்தில் இருக்கிறது. நகலைக் கொடுத்து, மூலம் தங்களிடம் இருப்பதாக வங்கி தந்த கடிதத்தையும் சேர்க்க வேண்டும். நிலை “பகுதியாக”.

உள் தணிக்கை அறிக்கை. நிறுவனத்தில் அப்படி ஒன்று இல்லை. “பொருந்தாது” என்ற ஒற்றைச் சொல் போதாது. தனியார் நிறுவனத்துக்கு, முந்தைய ஆண்டின் விற்றுமுதல் 200 கோடி ரூபாயை எட்டினாலோ, அந்த ஆண்டில் எப்போதாவது வங்கிக் கடன் நிலுவை 100 கோடியைத் தாண்டினாலோ உள் தணிக்கை கட்டாயம். இந்த ஆலை இரண்டுக்கும் கீழே. அதை எழுதினால் தணிக்கையாளர் தானே சரிபார்த்துக்கொள்வார்.

எழுதக் கூடாதவை:

- “கேட்ட அனைத்தும் இணைக்கப்பட்டுள்ளன.” ஒரு தாள் குறைந்தாலும் கடிதம் முழுவதும் பொய்யாகிவிடும்.
- “கணக்குகள் உண்மையானவை, முழுமையானவை.” அது நிர்வாகம் தணிக்கைத் தரம் 580-இன் கீழ், அறிக்கைத் தேதியை ஒட்டித் தரும் உறுதிமொழிக் கடிதத்துக்கு உரியது. ஆவணங்களை ஒப்படைக்கும் கணக்காளர் அதில் கைவைக்கக் கூடாது.
- “விரைவில் தருகிறோம்.” தேதியும் பொறுப்பாளரின் பதவியும் எழுதுங்கள்.

எனக்குச் சுருக்கமாக எழுதுவதுதான் பிடிக்கும். ஆகவே கடிதத்தின் உடலில் மூன்று பத்திகள், மீதி எல்லாம் அட்டவணை. விரித்து எழுதும் இயல்புள்ளவர்கள்கூட இந்த ஒரு தாளில் அட்டவணையை நம்பலாம்.

இரண்டாம் தவணை ஆவணங்களுக்குக் கடிதம் வரையும் துணைக்கேள்வியும் உண்டு. புதிய பட்டியல் தொடங்காதீர்கள். பழைய அட்டவணையையே எடுத்து, மாறிய நிலைகளுக்கு எதிரே புதிய தேதியைப் போடுங்கள். திருப்பித் தர வேண்டிய மூல ஆவணங்களைத் தனி இணைப்பில் எழுதி, கடிதத்தின் நகலில் பெற்றவரின் கையொப்பத்துக்கும் தேதிக்கும் இடம் விடுங்கள்.