மூன்று மீனும் மூன்று ஆண்டும்: மாண்டரின் பாடக் குறிப்புகள்

பிப்ரவரி 3, 2025

மாண்டரின் கற்கத் தொடங்கியிருக்கும் தமிழர் சிலருக்கு மாலை நேரங்களில் பாடம் சொல்லித் தருகிறேன். எண்களை அவர்கள் விரைவில் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஆனால் எண்ணையும் பெயரையும் சேர்க்கும் இடத்தில்தான் தடுமாற்றம் தொடங்குகிறது. தமிழில் ‘மூன்று புத்தகம்’ என்று சொல்வதுபோல் அவர்கள் ‘சான் ஷூ’ என்கிறார்கள். சரியான வடிவம் ‘சான் பென் ஷூ’. நடுவில் நிற்கும் ‘பென்’ என்பது அளவைச் சொல். அதை விட்டுவிட்டால், கேட்பவருக்குப் பொருள் புரிந்தாலும் தொடர் முறிந்ததாகவே ஒலிக்கும்.

இது தமிழருக்கு முற்றிலும் அந்நியமான முறை அன்று. ஒரு படி அரிசி, ஒரு கட்டுக் கீரை, ஒரு முழம் பூ, ஒரு சீப்பு வாழைப்பழம் என்று நாம் சொல்லும்போது, தானாக எண்ண முடியாத பொருளுக்கோ தொகுதியாக விற்கும் பொருளுக்கோ ஓர் அலகைக் கொடுத்து, அந்த அலகைத்தான் எண்ணுகிறோம். மாண்டரினில் புத்தகம், மேசை, மீன் ஆகிய எல்லாப் பெயர்களும் அரிசியைப் போலவே நடந்துகொள்கின்றன. பெயர் வகையை மட்டுமே சொல்கிறது. எண்ணுவதற்கு உரிய தனி உருவை அளவைச் சொல்தான் தருகிறது. ‘கள்’ விகுதியும் அங்கே தேவைப்படுவதில்லை. ‘மூன்று புத்தகம்’ என்று அஃறிணையில் பன்மை விகுதியில்லாமல் பேசிப் பழகிய நமக்கு அந்தப் பகுதியாவது எளிதாக இருக்கிறது.

பிப்ரவரி 6, 2025

எந்தப் பெயருக்கு எந்த அளவைச் சொல் என்ற கேள்விக்கு நீண்ட பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்றே சொற்களை எடுத்துக்கொண்டு, அவை பொருளை எப்படிப் பார்க்கின்றன என்று காட்டினேன். ‘ஜாங்’ என்பது விரிந்த பரப்புள்ளவற்றுக்கு உரியது: தாள், பயணச்சீட்டு, கட்டில், மேசை. ‘தியாவ்’ நீண்டு செல்பவற்றுக்கு: ஆறு, சாலை, பாம்பு, மீன், காற்சட்டை. ‘பா’ கையால் பிடிப்பவற்றுக்கு: குடை, கத்தி, சாவி, நாற்காலி. நாற்காலியை முதுகுப் பகுதியில் பிடித்து நகர்த்துகிறோம் என்பதை நினைத்தால் அதுவும் பொருந்திவிடும்.

இந்தப் ‘பா’ என்பதில் தமிழர் சற்று நின்று பார்க்கலாம். ‘யி பா மி’ என்றால் ஒரு பிடி அரிசி; ‘யி பா சான்’ என்றால் ஒரு குடை. முதலாவது அளவு, இரண்டாவது வகை. தமிழில் ‘ஒரு பிடி அரிசி’ உண்டு, ‘ஒரு பிடி குடை’ இல்லை. நம் அளவைச் சொற்கள் எவ்வளவு என்று சொல்வதோடு நின்றுவிடுகின்றன. மாண்டரின் அதற்கு மேலும் சென்று, எப்படிப்பட்டது என்றும் சொல்கிறது.

சொல் நினைவுக்கு வராதபோது ‘கெ’ என்ற பொதுச் சொல்லைப் போடலாம் என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் அது அவசரத்துக்கு உதவுவது. ‘சான் கெ ஷூ’ என்றால் புரிந்துகொள்வார்கள், ஆயினும் அயலார் பேச்சு என்பது உடனே தெரிந்துவிடும்.

பிப்ரவரி 11, 2025

ஆட்களை எண்ணும்போது தமிழும் வேறு முறைக்கு மாறிவிடுகிறது. புத்தகம் மூன்று, ஆனால் ஆட்கள் மூவர் அல்லது மூன்று பேர். உயர்திணைக்கு மட்டும் வரும் இந்தப் ‘பேர்’ என்பதுதான் மாண்டரின் அளவைச் சொல்லுக்குத் தமிழில் மிக அருகில் இருப்பது. மாண்டரினில் ஆளுக்குச் சாதாரணமாக ‘கெ’ வரும், மரியாதைக்கு ‘வேய்’ வரும். உணவகத்தில் பணியாளர் ‘ஜீ வேய்?’ (எத்தனை பேர்?) என்று கேட்டால், கவனமாகப் பேசுபவர் ‘சான் கெ’ என்றே பதில் சொல்வார், ஏனெனில் மரியாதைச் சொல்லைத் தனக்குத் தானே சூட்டிக்கொள்வதில்லை. தன்னைப் பற்றி ‘அவர்’ என்று சொல்லிக்கொள்ளாத நமக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு என்ற எண்ணுக்கு மட்டும் இரு வடிவங்கள் உண்டு. வரிசையாக எண்ணும்போது ‘அர்’. அளவைச் சொல்லுக்கு முன் ‘லியாங்’. தனித்து நிற்கையில் ‘ஒன்று’ என்றும், பெயருக்கு முன் ‘ஒரு’ என்றும் நாம் மாற்றுவதைப் போன்றது இது. ஆனால் ஒப்புமையை அதற்கு மேல் நீட்டக் கூடாது. நாம் ‘இருபத்தொரு நாள்’ என்று கூட்டெண்ணிலும் ‘ஒரு’ வடிவத்தைக் காக்கிறோம். மாண்டரினில் பன்னிரண்டு புத்தகம் ‘ஷி அர் பென் ஷூ’தான், அங்கே ‘லியாங்’ வராது.

பிப்ரவரி 17, 2025

இன்று ‘லெ’ என்ற இடைச்சொல். இதை இறந்தகால விகுதி என்று எண்ணிக்கொள்வதுதான் தொடக்கநிலையில் வரும் பெரிய சிக்கல். ‘நேற்று எனக்கு வேலை அதிகமாக இருந்தது’ என்பதற்கு ‘ஜுவோதியென் வோ ஹென் மாங்’ போதும், ‘லெ’ வேண்டியதில்லை. மாறாக, ‘நாளை சாப்பிட்டுவிட்டுப் போவேன்’ என்ற எதிர்காலத் தொடரில் ‘லெ’ வருகிறது: ‘மிங்தியென் வோ ச்சி லெ ஃபான் ஜியூ ச்சூ’. நம் ‘சாப்பிட்டுவிட்டு’ என்பதும் நாளைய செயலைத்தான் குறிக்கிறது, ஆனாலும் வடிவத்தில் முடிந்ததாக நிற்கிறது. ‘லெ’ சொல்வது காலத்தை அன்று, முடிவை.

இங்கே எண்ணிக்கை மீண்டும் நுழைகிறது. ‘வோ மாய் லெ யூ’ (மீன் வாங்கி) என்று நிறுத்தினால், கேட்பவர் அடுத்து என்ன என்று காத்திருப்பார். ‘வோ மாய் லெ சான் தியாவ் யூ’ என்றால் தொடர் நிறைவடைந்துவிடும். வாங்குதல் என்ற செயல் எங்கே முடிகிறது என்பதை மூன்று என்ற எண்ணும், மீனைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் ‘தியாவ்’ என்பதும் சேர்ந்து காட்டுகின்றன. அளவைச் சொல்லும் ‘லெ’ என்பதும் பாடநூல்களில் வெவ்வேறு அத்தியாயங்களில் இருந்தாலும், இவற்றைச் சேர்த்துக் கற்பிப்பதே சரி என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

தமிழில் இதற்கு ‘மூன்று மீன் வாங்கினேன்’ போதும், ‘வாங்கிவிட்டேன்’ கட்டாயமில்லை. ஆகவே ‘விடு’ வரும் இடங்களில் மட்டுமே ‘லெ’ வரும் என்று கொள்ளலாகாது. ‘லெ’ வழங்கும் பரப்பு அதைவிடப் பெரிது.

பிப்ரவரி 20, 2025

‘குவோ’ என்பது அனுபவத்தைச் சொல்வது. ‘வோ ச்சூ குவோ பெய்ஜிங்’ என்றால் நான் பெய்ஜிங்குக்குப் போயிருக்கிறேன், அதாவது ஒருமுறையேனும் போய்த் திரும்பிய அனுபவம் உண்டு. இதைத் தமிழர் எளிதில் பிடித்துக்கொள்கிறார்கள். எதிர்மறையில் பொருத்தம் இன்னும் துல்லியமாகிறது. ‘போகவில்லை’ என்பதற்கு ‘மேய் ச்சூ’, இங்கே ‘லெ’ மறைந்துவிடும். ‘போனதில்லை’ என்பதற்கு ‘மேய் ச்சூ குவோ’, இங்கே ‘குவோ’ நிலைத்திருக்கும். இந்த இரு தமிழ் வடிவங்களின் வேறுபாட்டை உணர்ந்தவர் அந்த விதியைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நிலையைக் குறிக்கும் ‘ஜெ’ பற்றி இப்போதைக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும்: ‘மென் காய் ஜெ’ என்றால் கதவு திறந்திருக்கிறது.

பிப்ரவரி 26, 2025

கால அளவைப் பற்றி ஒரு மாணவி நல்ல கேள்வி கேட்டார்: ‘வோ ஷுவே லெ சான் நியென் ஜுங்வென்’ என்பதற்கும், அதன் இறுதியில் இன்னொரு ‘லெ’ சேர்த்துச் சொல்வதற்கும் என்ன வேறுபாடு? முதல் தொடர், மூன்று ஆண்டு சீனம் படித்தேன் என்று ஒரு கணக்கை முடித்து வைக்கிறது. இறுதியில் வரும் ‘லெ’ அந்தக் கணக்கை இன்றைய நிலையோடு இணைக்கிறது: மூன்று ஆண்டாகப் படித்து வருகிறேன். தமிழில் அந்தப் பணியை ‘ஆக’ என்பதும் ‘வருகிறேன்’ என்பதும் செய்கின்றன. ‘ஆக’ சேர்த்துச் சொல்லத் தோன்றுகிறதா என்று பார்த்துக்கொண்டால் இரண்டாவது ‘லெ’ தேவையா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

‘சான் நியென்’ என்பதில் அளவைச் சொல் ஏன் இல்லை என்பது அவருடைய அடுத்த ஐயம். நம் முழமும் படியும் போல, ஆண்டைக் குறிக்கும் ‘நியென்’ என்பதும் நாளைக் குறிக்கும் ‘தியென்’ என்பதும் தாமே அலகுகள், ஆகையால் எண் அவற்றை நேரடியாக ஒட்டி நிற்கிறது. மாதம் அப்படியல்ல. ‘சான் கெ யுவே’ என்றால்தான் மூன்று மாதம்; ‘கெ’ இல்லாமல் ‘சான் யுவே’ என்று சொன்னால் அது மார்ச் மாதம்.