செயினுக்குப் போட்ட கிரீஸ்

மகனுடைய சைக்கிள் செயின் ஒரு வாரமாகக் கீச்கீச்சென்று கத்தியது. வீட்டில் கிரீஸ் டப்பா ஒன்று இருந்தது. எண்ணெயானால் என்ன, கிரீஸானால் என்ன, செயினா வித்தியாசம் பார்க்கப் போகிறது என்று இரண்டு விரலால் வழித்து, கண்ணி கண்ணியாக அப்பினேன். முடித்தபோது என் வேட்டியிலும் பாதி டப்பா இருந்தது.

இரண்டே நாளில் கீச்சொலி திரும்பி வந்தது, கூடவே நறநறவென்று ஒரு துணை. செயின் தெருவிலிருந்த மணலையெல்லாம் சேர்த்துக்கொண்டு கருப்பட்டி பூசியதுபோல் இருந்தது.

சைக்கிள் கடை அண்ணன் பார்த்ததும் சிரித்துவிட்டார். அறுந்த பழைய செயினிலிருந்து ஒரு பின்னைத் தட்டி எடுத்துக் காட்டினார். நடுவில் மட்டும் தேய்ந்து பளபளத்தது. "தேய்மானம் இங்கே, உள்ளே. நீங்க அப்பின கிரீஸ் வெளியே நிக்குது. உள்ளே போகாது சார், மண்ணைத்தான் பிடிச்சு வைக்கும்."

அப்புறம் ஸ்கேலை வைத்தார். 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் வரவேண்டும். எங்களுடையது அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, தள்ளி நின்றது. ஒரு நூல் தாண்டினால் பல்சக்கரமும் கூடவே போய்விடுமாம்.

மண்ணெண்ணெயும் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷுமாக மூன்று தடவை கழுவி, வெயிலில் காயவைத்தேன். பைக்கிலிருந்து இறக்கிய பழைய ஆயில் இருக்கிறதே, அதை விடலாமா என்றேன். "அந்தக் கருப்பே கரியும் இரும்புத்தூளும்தான்" என்றார். புது என்ஜின் ஆயில் பரவாயில்லையாம், ஆனால் ஒரு உருளைக்கு ஒரே சொட்டு. பெடலைப் பின்பக்கமாக நன்றாகச் சுற்றிவிட்டு, வெளியே இருப்பதைத் துணியால் முழுக்கத் துடைத்துவிட வேண்டும். விட்ட எண்ணெயைத் துடைக்கச் சொல்கிறாரே என்று மனது வலித்தது. துடைத்தேன். சத்தம் போயேபோச்சு.

அந்தத் தெம்பில் என் பைக் செயினுக்கும் அதே ஆயிலை விட்டேன். மனைவியைக் கோயிலுக்கு அழைத்துப்போய் இறக்கினால், புடவை ஓரத்தில் புள்ளி புள்ளியாகப் புது டிசைன். வேகத்தில் சுற்றும் செயினில் மெல்லிய எண்ணெய் நிற்காது, வீசியடித்துவிடும்.

என் பைக்கில் இருப்பது ஓ-ரிங் செயின். பின்னைச் சுற்றித் தேவையான கிரீஸைத் தொழிற்சாலையிலேயே வைத்து, ரப்பர் வளையம் போட்டு அடைத்திருக்கிறார்கள். வெளியே நாம் போடுவது முக்கியமாக ரப்பர் காயாமலும் இரும்பு துருப்பிடிக்காமலும் இருக்கத்தான். அதற்கு ஓ-ரிங்குக்கு ஏற்ற செயின் லூப் ஸ்ப்ரே, அல்லது 90 நம்பர் கியர் ஆயில். பெட்ரோலால் கழுவினால் வளையம் கெடும். கம்பி பிரஷ்ஷும் கூடாது. ஓட்டி வந்த சூட்டோடு அடித்து, இரவெல்லாம் விட்டால் வீசியடிப்பது குறைகிறது.

மீதிக் கிரீஸை வீணாக்க மனமில்லாமல் கேட் கீலுக்கு வைத்தேன். நேற்று ஊரிலிருந்து வந்த மாமனார் அந்தக் கேட்டில் சாய்ந்து நின்றுதான் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை. இன்னும் யாரும் அவரிடம் சொல்லவில்லை.