வீட்டில் இடமில்லை, சென்னையில் இருக்கிறது

இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் நாங்கள். நான் காதலிப்பவர் வீட்டிலும் அப்படித்தான், கூடவே காது நன்றாகக் கேட்கும் பாட்டி. அதனால் உட்கார்ந்து பேச வெளியேதான் இடம் தேட வேண்டும்.

ஆளே இல்லாத இடம் வேண்டாம். தெரிந்தவர்கள் வராத, ஆனால் நாலு பேர் நடமாடும் இடம் போதும். பறக்கும் ரயில் நிலையங்களின் பெரிய காலி மாடிகளில் இருட்டிய பிறகு கூப்பிட்டால் வர ஆளிருக்காது. ஆனால் ரயில் நல்ல இடம். காலைக் கூட்டம் வடிந்ததும் கடற்கரை நிலையத்தில் ஏறினால் வேளச்சேரி வரை ஜன்னலோர இருக்கை, டீக்காசுதான் டிக்கெட்.

கோட்டூர்புரம் அண்ணா நூலகம் இன்னும் வசதி. வீட்டில் பொய் சொல்ல வேண்டாம், மழையும் வெயிலும் இல்லை. உள்ளே பேச முடியாது, சரி, பேச்சுக்கு கேன்டீன் இருக்கிறது.

பெசன்ட் நகர் கடற்கரைக்கு சாயங்காலம் போகாதீர்கள், பாதி சொந்தக்காரர்கள் அங்கேதான் காற்று வாங்குவார்கள்.

அப்புறம், யாராவது வந்து “கேஸ் போடுவேன்” என்று மிரட்டிப் பணம் கேட்டால் அடையாள அட்டையைக் கேளுங்கள். பொது இடத்தில் மற்றவர்களுக்குத் தொல்லை தரும் ஆபாசச் செயல்தான் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆவது பிரிவில் குற்றம். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது அதில் வராது. அறை எடுப்பவர்களுக்கும் ஒரு தகவல்: மணமாகாத வயதுவந்தவர்கள் விடுதி அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019இல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. வரவேற்பு மேசைக்காரர் ஒத்துக்கொள்வாரா என்பது வேறு விஷயம், முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.