அண்ணன் பெயரில் இருந்த பைக்கை மீட்ட கதை

மார்த்தாண்டம் பக்கம் ஆனி மாத மழையில் என் பைக் ஒரு பெரியவர் மீது தட்டியது. அவருக்குக் காலில் காயம். போலீஸ் வழக்குப் பதிந்து, கைப்பற்றிய விவரத்தை மகஜராக எழுதி வண்டியை எடுத்துக்கொண்டது. மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்த்து, பிரேக்கில் கோளாறு இல்லை என்று எழுதித் தந்துவிட்டார். இனி வண்டி கிடைத்துவிடும் என்று நினைத்தேன்.

குழித்துறையில் பார்த்த வக்கீல் கேட்ட முதல் கேள்வி, "ஆர்.சி. யார் பெயரில்?" என்பதுதான். அண்ணன் பெயரில். அண்ணன் சவூதியில் இருக்கிறான். ஓட்டியது நான், இன்சூரன்ஸ் கட்டியதும் நான். ஆனால் நீதிமன்றம் பார்ப்பது பதிவுச் சான்றில் இருக்கும் பெயரைத்தான்.

அதனால் அண்ணன் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் தன் சார்பில் நான் செயல்பட எனக்குப் பவர் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினான். அதை அப்படியே, வண்டியைத் திருப்பிக் கேட்டு நீதிமன்றத்தில் போடும் மனுவோடு வைக்க முடியாது. வெளிநாட்டில் எழுதிய பவர் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும். இதற்கே எனக்கு மூன்று வாரத்துக்கு மேல் போயிற்று. வீட்டில் வேறு யார் பெயரிலாவது வண்டி இருந்தால் இதை இப்போதே யோசித்துவையுங்கள்.

அடுத்த தடை ஒரு எண். போலீஸ் வண்டியைப் படிவம் 95-இல் நீதிமன்றத்துக்குத் தெரிவித்து, அதற்கு வழக்குச் சொத்து என்று ஒரு எண் விழ வேண்டும். எங்கள் மனுவில் அந்த எண் இல்லாததால் திருப்பித் தந்துவிட்டார்கள். ஸ்டேஷன் எழுத்தரிடம் கேட்டு வாங்கி மறுபடி போட்டோம். இந்த மனுவைப் போடும் பிரிவு, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 451, 2024 ஜூலைக்குப் பிறகு அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 497. அரசு வழக்கறிஞர் ஆட்சேபம் சொல்லவில்லை.

உத்தரவில் ஐம்பதாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணைமுறி, அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்கள். அசல் ஆர்.சி.யை நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். வழக்கு முடியும்வரை விற்கவோ நிறத்தையோ அமைப்பையோ மாற்றவோ கூடாது, கூப்பிட்டால் வண்டியைக் கொண்டுவர வேண்டும். மாமாவும் பக்கத்து வீட்டு அண்ணாச்சியும் வீட்டு வரி ரசீது, ஆதாருடன் வந்து நின்றார்கள். ரசீது ஜாமீன்தாரர் பெயரிலேயே இருக்க வேண்டும். மாமா முதலில் அத்தை பெயரில் இருந்ததைக் கொண்டுவந்ததால் ஒரு நாள் வீணானது.

உத்தரவு நகலுடன் ஸ்டேஷனுக்குப் போனால், வண்டி மழையில் நனைந்தபடியே நின்றது. செயின் துருப்பிடித்து, பேட்டரி செத்திருந்தது. உச்ச நீதிமன்றமே 2002-இல், பிடிபட்ட வண்டிகளை ஸ்டேஷனில் நீண்ட நாள் போட்டுவைக்கக் கூடாது, புகைப்படமும் பிணையும் வாங்கிக்கொண்டு உரியவரிடம் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறது. அப்படியிருந்தும் வண்டி நின்ற நிலையைப் பார்த்தபோது மனசு வலித்தது.

கையெழுத்திடும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்தேன். எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் உத்தரவோடு சரிபார்த்த பிறகு மாமாவின் மினி ஆட்டோவில் ஏற்றினோம்.